முதல் நான்கு சந்திப்புகளில் எதைப் பார்ப்பது: கெமிஸ்ட்ரியும் ஒத்துப்போதலும்

வரன் பார்க்கும் வீடுகளில் இப்போது இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. "பையன் நல்லவர்தான், ஆனா கெமிஸ்ட்ரி இல்லை, வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்பது ஒன்று. "மூணு மணி நேரம் பேசினோம், நேரம் போனதே தெரியலை, இவங்கதான்னு தோணிடுச்சு" என்பது மற்றொன்று. இப்படிச் சொல்கிற யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த உணர்வை வைத்து இருபது வருஷக் குடும்பத்தைப் பற்றி முடிவெடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

பெரியவர்கள் பார்த்து, இளையவர்கள் சந்தித்துப் பேசி, பிறகு சரி சொல்கிற முறையில் நிறைய பேருக்குக் கிடைப்பது மூன்று நான்கு சந்திப்புகளும் சில வாரப் போன் பேச்சும்தான். அதற்குள் எதைக் கண்டுபிடிக்க முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கொஞ்ச நேரத்தைச் சரியாகச் செலவழிக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## இரண்டு வேறு விஷயங்கள்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். சாயங்கால நேரம், ஹாலில் நல்ல காற்று, புதுப் பெயின்ட், பால்கனியில் நின்றால் மனசு நிறைகிறது. அது நிஜமான சந்தோஷம். ஆனால் நவம்பர் மழையில் சுவர் ஊறுமா, கோடையில் குழாயில் தண்ணீர் வருமா என்பதை அந்தக் காற்று சொல்லாது. நவம்பர் வரை காத்திருக்கவும் முடியாது. குழாயைத் திறந்து பார்க்கலாம், படுக்கையறை மூலையில் ஈரக்கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். தேடினால்தான் அவை கண்ணில் படும். காற்று மாதிரி தானாக வந்து மேலே படாது.

கெமிஸ்ட்ரி என்று நாம் சொல்வது ஒருவர் அருகில் இருக்கும்போது உடலும் மனமும் சேர்ந்து விழித்துக்கொள்வதை: படபடப்பு, சிரிப்பு எளிதாக வருவது, பேச்சு முடியக் கூடாது என்ற ஆசை, வீட்டுக்கு வந்த பிறகும் அவர் நினைப்பு. ஒத்துப்போதல் என்பது இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுப்பது, ஏமாற்றத்தைத் தாங்குவது, சண்டைக்குப் பிறகு திரும்பி வருவது ஆகியவை பெரிய சேதமில்லாமல் நடப்பது. முதலாவது உணர்வு, அது உடனே தெரிந்துவிடும். இரண்டாவது நடத்தை. அது தெரிய ஏதாவது ஒரு சின்ன விஷயமாவது நாம் நினைத்தபடி நடக்காமல் போக வேண்டும்.

சுருக்கமாக: கெமிஸ்ட்ரி தானாக வந்து தன்னைச் சொல்லிக்கொள்ளும். ஒத்துப்போதலை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

## படபடப்பு எங்கிருந்து வருகிறது

1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் வான்கூவர் அருகே ஒரு சோதனை செய்தார்கள். அங்கே கப்பிலானோ என்ற தொங்குபாலம் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரம், நடந்தால் ஆடும். அந்தப் பாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, "சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்தார். இன்னொரு பக்கம், தாழ்வான, ஆடாத, உறுதியான பாலத்தில் வந்த ஆண்களிடமும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் நம்பரை வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். உறுதியான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான்.

பாலம் தந்த பயத்தில் துடித்த இதயத்தை, எதிரே நின்ற பெண்ணால் துடிக்கிறது என்று அவர்கள் மனம் கணக்கு எழுதிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதைக் 'காரணம் மாற்றிக் கற்பித்தல்' என்று சொல்லலாம்: உடலில் வந்த கிளர்ச்சிக்கு உண்மையான காரணம் ஒன்று, மனம் சூட்டுகிற காரணம் இன்னொன்று. இது சின்ன ஆய்வுதான், எல்லாவற்றையும் இது ஒன்றே விளக்கிவிடாது. ஆனால் வரன் சந்திப்புக்கு இது அப்படியே பொருந்தும். முதல் சந்திப்பு என்பதே பதற்றம். வீட்டில் எல்லாரும் காத்திருக்கிறார்கள், புது உடை, புது இடம், ஒரு ஸ்ட்ராங் காபி வேறு. இதயம் வேகமாக அடிக்க இத்தனை காரணங்கள் இருக்கும்போது முழுக் கணக்கையும் எதிரே இருப்பவர் பெயரில் எழுதுவது அவசரம்.

நிச்சயமின்மையும் இதையே செய்யும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி மாணவிகளிடம் சில ஆண்களின் முகநூல் பக்கங்களைக் காட்டினார்கள். சிலரிடம் "இவர்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது" என்றும், சிலரிடம் "ஓரளவு பிடித்திருக்கிறது" என்றும், மூன்றாவது குழுவிடம் "இரண்டில் ஏதோ ஒன்று, எது என்று தெரியாது" என்றும் சொன்னார்கள். அந்த ஆண்கள்மேல் அதிக ஈர்ப்பு வந்தது மூன்றாவது குழுவுக்கு. விடை தெரியாதபோது மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சுற்றிச் சுற்றி நினைப்பதை நாம் ஈர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். மெசேஜுக்கு ஒரு நாள் உடனே பதில், மறுநாள் முழுக்க மௌனம் என்று இருப்பவர்மேல் ஏன் அவ்வளவு நினைப்பு ஓடுகிறது என்று யோசிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று, சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "ரெண்டு பேரும் தனியா பேசுங்க" என்று மொட்டை மாடிக்கு அனுப்பிய பதினைந்து நிமிடத்தில் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அதிலிருந்தும் எதுவும் தெரியாது. வெட்கமும் கூச்சமும் ஈர்ப்பை அடக்கிவிடும்.

சுருக்கமாக: முதல் சந்திப்பில் வரும் கெமிஸ்ட்ரியில் அந்த மனிதரும் இருக்கிறார், சூழ்நிலையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று அன்றைக்கே பிரிக்க முடியாது.

## பயோடேட்டா பொருத்தமும் இது அல்ல

கெமிஸ்ட்ரியை நம்பாதவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார்கள்: படிப்பு, சம்பளம், இரண்டு பேருக்கும் டிராவல் பிடிக்கும், இரண்டு பேரும் வெஜிடேரியன், ஆகவே செட் ஆகும் என்று. ஒத்துப்போதலைத் தாளில் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை இது.

2017இல் சமாந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் ஆகியோர் இதைச் சோதித்தார்கள். மாணவர்களிடம் குணங்கள், விருப்பங்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொருவரையும் பலருடன் நான்கு நிமிடம் பேசவைத்தார்கள். பொதுவாக யார் எல்லாருக்கும் பிடித்தவராக இருப்பார், யாருக்கு எல்லாரையும் பிடிக்கும் என்பதை அந்த விவரங்களை வைத்துக் கணினியால் ஓரளவு சொல்ல முடிந்தது. ஆனால் குறிப்பிட்ட இந்த இருவருக்குள் ஈர்ப்பு வருமா என்பதைச் சொல்லவே முடியவில்லை.

அதே ஜோயல் 2020இல் இன்னும் பல ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ஏற்கெனவே உறவில் இருக்கும் 11,196 ஜோடிகளின் தரவை 43 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார். உறவு நன்றாக இருக்கிறதா என்பதை இருவரின் தனித்தனிக் குணங்களைவிட உறவுக்குள் நடப்பதுதான் நன்றாகச் சொன்னது. அவர் இந்த உறவில் உறுதியாக இருக்கிறார் என்ற நம்பிக்கை, அவரை மதிக்கிறேன் என்ற உணர்வு, தாம்பத்திய நிறைவு, சண்டை எவ்வளவு வருகிறது போன்றவை அவை.

எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒத்துப்போதல் அவரிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. இருவரும் ஒன்றாக ஒரு காரியம் செய்யும்போதுதான் அது உருவாகிறது. அதனால் அப்படி ஒரு காரியம் நடக்கும்போதுதான் அதைப் பார்க்கவும் முடியும்.

## அப்படியானால் எதைப் பார்ப்பது

மூன்று இடங்களில் பார்க்கலாம். முதலாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆய்வாளர்கள் ஒரு குணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தமிழில் அதைப் பதிலுணர்வு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்னதை அவர் புரிந்துகொண்டார், அதை மதித்தார், அதற்கேற்ப நடந்துகொண்டார் என்ற மூன்றும் சேர்ந்தது அது. இதைச் சந்திப்பின்போது பார்ப்பதைவிட, இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் பார்ப்பது நல்லது. எதிரே உட்கார்ந்திருக்கும்போது யாரும் தலையாட்டுவார்கள். "ராத்திரி பதினோரு மணிக்கு மேல போன் வேண்டாங்க, காலையில ஷிஃப்ட் இருக்கு" என்று போன வாரம் சொன்னீர்கள். இந்த வாரம் எத்தனை மணிக்குப் போன் வருகிறது? அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தீர்கள். அடுத்த முறை அவராக அதைப் பற்றிக் கேட்டாரா? நீங்கள் சொன்னது அவரிடம் தங்கி, நடத்தையாக மாறித் திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, "இல்லை" என்ற சொல்லுக்கு என்ன நடக்கிறது என்பது. பெரிய விஷயத்தில் மறுத்துச் சோதிக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன ஹோட்டலுக்குப் பதில் வேறு ஹோட்டல், அவர் கேட்ட நாளுக்குப் பதில் வேறு நாள் போதும். முகம் வாடுவது இயல்பு. வாடிய முகம் எவ்வளவு நேரத்தில், எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, நடைமுறைக் கேள்விக்கு வரும் பதில். எந்த ஊரில் இருப்பது, யார் வேலையை மாற்றிக்கொள்வது, பெற்றோருக்கு மாதம் எவ்வளவு அனுப்புவது, எந்தக் கடன் இருக்கிறது. பதில் உங்களுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கக் கேட்க அது தெளிவாகிறதா, வழுக்குகிறதா என்பதைக் கவனியுங்கள்.

## ஒரு உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம்

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கோயம்புத்தூரில் அப்பாவின் பம்ப் பட்டறையைக் கவனிக்கிறார். அவள் சென்னையில் வங்கி ஊழியர்.

முதல் சந்திப்பு பெசன்ட் நகரில், மழை பெய்யும் ஒரு மாலை. காபி ஷாப்பில் ஒதுங்கியவர்கள் மூன்று மணி நேரம் பேசுகிறார்கள். சிரிப்பு நிற்கவே இல்லை. அதன் பிறகு இரண்டு வாரம் தினமும் இரவுப் பேச்சு. எல்லா விளக்கும் அணைந்த பிறகு காதோரமாக வரும் ஒரு குரலுக்கு நெருக்கத்தைக் கூட்டும் சக்தி மிக அதிகம். இந்த நிலையில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஈர்ப்பு இருக்கிறது.

இரண்டாவது சந்திப்பில் அவள் சொல்கிறாள்: "நான் வேலையை விடுறதா இல்லைங்க. அதை முதல்லயே சொல்லிடணும்னு நினைச்சேன்."

"அதெல்லாம் பாத்துக்கலாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

குரலில் அவ்வளவு கனிவு. அவளுக்கு மனசு லேசாகிறது. ஆனால் அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரி இருக்கும் இடத்தில் இது மிகவும் எளிதாக நடக்கும். கேள்வி கேட்ட பதற்றம் தீர்ந்ததால், கேள்வியே தீர்ந்துவிட்டது போல இருக்கும். வீட்டுக்கு வந்து தோழியிடம், "வேலை விஷயம் பேசிட்டேன், அவருக்கு ஓகே" என்றுகூடச் சொல்லிவிடுவாள். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

மூன்றாவது சந்திப்புக்கு அவர் காலை ரயிலில் வருகிறார். முழு நாளும் ஒன்றாக இருப்பதாகப் பேச்சு. அன்றைக்கென்று பார்த்து வங்கியில் ஆடிட். அவளால் ஒரு மணி நேரம்தான் வெளியே வர முடிகிறது. "நான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் சாப்பிடுகிறார். சாப்பாடு பாதியில்: "எனக்குக் கோபம் வந்துச்சுங்க, மறைக்கலை. ஆடிட்னு நேத்தே தெரிஞ்சிருந்தா மதிய ரயில்ல வந்திருப்பேன். அடுத்த தடவை ஒரு மெசேஜ் போட்டுடுங்க. சரி, இப்போ உங்க ஆடிட் எப்படிப் போகுது?"

மூன்று சந்திப்புகளில் கிடைத்த மிகப் பெரிய தகவல் இந்தச் சில வாக்கியங்கள்தான். கோபத்தைக் கோபம் என்று ஒப்புக்கொண்டார், அவளைக் குறை சொல்லாமல் அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று சொன்னார், பிறகு அவள் பக்கம் திரும்பினார். அந்த ஒரு மணி நேரத்தில் கெமிஸ்ட்ரி குறைவுதான். ஒத்துப்போதல் முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் அப்போதுதான். அவர் மௌனமாகவே சாப்பிட்டு முடித்து, இரண்டு நாள் போன் எடுக்காமல் இருந்து, பிறகு எதுவும் நடக்காதது போலப் பேசியிருந்தால் அதுவும் தகவல்தான், வேறு வகைத் தகவல்.

நான்காவது சந்திப்பில் அவள் பழைய கேள்வியை மறுபடி எடுக்கிறாள், இம்முறை ஊர் பெயரோடு. "கல்யாணத்துக்கு அப்புறம் நாம எந்த ஊர்ல இருப்போம்?"

அவர் யோசித்துச் சொல்கிறார்: "உண்மையைச் சொல்லணும்னா, நீங்க கோயம்புத்தூர் வந்துடுவீங்கன்னுதான் நினைச்சிருந்தேன். பட்டறையை விட்டு நான் வர முடியாது."

"டிரான்ஸ்ஃபர் கேக்கலாம். ஆனா இப்போ கிடைக்காது, ஒன்றரை வருஷமாவது ஆகும்."

"அதுவரைக்கும் சனி ஞாயிறு நான் வந்து போறேன். அம்மாவுக்கு இது பிடிக்காது. நானே பேசுறேன்."

இருவருக்கும் நடுவில் நிஜமான முரண்பாடு இருக்கிறது. இரண்டாவது சந்திப்பிலேயே அது இருந்தது. ஒரு கனிவான வாக்கியம் அதை மூடி வைத்திருந்தது. இப்போது அது வெளியே வந்து, தேதியும் பொறுப்பும் உள்ள ஒரு ஏற்பாடாக மாறியிருக்கிறது. இனி அவள் பார்க்க வேண்டியது, அம்மாவிடம் பேசுகிறேன் என்றவர் பேசினாரா என்பதை. பேசிய பிறகு அம்மா சம்மதித்தாரா என்பதுகூட அடுத்த கேள்விதான்.

சுருக்கமாக: ஈர்ப்பு பற்றிய தகவல் முதல் நாளே வந்துவிட்டது. மீதி மூன்று சந்திப்பில் அவள் தெரிந்துகொண்டதெல்லாம் ஏதோ ஒன்று இடறிய இடத்திலிருந்து வந்தது.

## ஈர்ப்பே இல்லை என்றால்?

"போகப்போக வந்துடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பழகப் பழகப் பிடிப்பது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் ஈர்ப்பு இன்னும் வரவில்லை என்பது ஒன்று, அருகில் இருக்கவே உடல் மறுக்கிறது என்பது வேறு. பக்கத்தில் உட்கார்ந்தால் விலகத் தோன்றுகிறது, அவர் தொட்டுவிடுவாரோ என்று கை சுருங்குகிறது, சந்திப்பு ரத்தானால் நிம்மதியாக இருக்கிறது என்றால் அதை மதியுங்கள். போகப்போக வரும் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது.

வெறும் மந்தமாக இருக்கிறது என்றால், மூன்றாவது சந்திப்பை முதல் சந்திப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சு கொஞ்சம் இளகியிருக்கிறதா? மௌனம் வந்தால் முன்பு போலச் சங்கடமாக இருக்கிறதா? இளகிக்கொண்டு வந்தால் இன்னும் நேரம் கொடுக்கலாம். மூன்று முறையும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால், பயோடேட்டா எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி சொல்ல அவசரப்பட வேண்டாம்.

## நான்கு சந்திப்பில் தெரியாதவை

அதிகமாக ஈர்ப்பு இருப்பதும் பாதுகாப்பு இல்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டெட் ஹஸ்டன், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1981இல் திருமணமான 168 ஜோடிகளைப் பதிமூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார். ஏழு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து பிறகு விவாகரத்து செய்தவர்கள், புதுமணக் காலத்தில் ஒருவர்மேல் ஒருவர் மிக அதிகமாக அன்பைப் பொழிந்தவர்களாக இருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த அன்பு எவ்வளவு சரிந்தது என்பதுதான் பின்னால் நடந்ததோடு சேர்ந்து போனது. முதல் சந்திப்புகளில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சரிவை யாராலும் கணிக்க முடியாது.

குடிப்பழக்கம், மறைத்த கடன், வீட்டுக்குள் மட்டும் வெளிப்படும் கோபம், இவையும் காபி ஷாப்பில் தெரியாது. இதற்கு அவரோடு வேலை செய்தவர்கள், பக்கத்து வீட்டார், கூடப் படித்தவர்கள் என்று வெளியே விசாரிப்பதுதான் வழி. விசாரிப்பதைச் சந்தேகம் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். உங்களால் நேரில் பார்க்க முடியாததை இன்னொருவர் தினமும் பார்த்திருப்பார்.

ஒன்று மட்டும் முதல் சில வாரத்திலேயே தெரிந்துவிடும், ஆனால் கெமிஸ்ட்ரி அதைக் காதல் போலக் காட்டும். எங்கே போகிறாய், யாரோடு என்று மணிக்கொரு முறை கேட்பது, போன் பாஸ்வேர்டு கேட்பது, நண்பர்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது, மறுத்தால் தண்டிப்பது போலப் பேசாமல் இருப்பது. இவற்றில் ஒன்று நடந்து, "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொன்ன பிறகும் தொடர்ந்தால், மேற்கொண்டு சந்தித்துப் பார்க்க எதுவும் இல்லை. வீட்டில் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

மற்றபடி, "என்ன சொல்றே, தேதி பாக்கட்டுமா" என்று வீட்டில் கேட்கும்போது நீங்கள் இருவரும் இன்னும் ஒரு முறைகூட முரண்படவில்லை என்றால், ஐந்தாவது சந்திப்பு ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். அது பகலில் இருக்கட்டும். சினிமாவும் கடற்கரையும் வேண்டாம். எந்த ஊர், யார் வேலை, மாதச் செலவு, கல்யாணச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற நான்கு கேள்விகளையும் இருவரும் தனித்தனியாக எழுதிக்கொண்டு போய், ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுத முயலுங்கள். எதில் இழுபறி வருகிறதோ அங்கே நில்லுங்கள், அவசரமாக அடுத்ததற்குத் தாண்ட வேண்டாம். பதில் எழுதி முடியாத கேள்வியை அப்படியே மடித்துவைத்து, அடுத்த வாரம் இருவரில் யார் முதலில் அதை மறுபடி எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.